‘நூல் கட்டாகுது’ என்று தேடி வருபவருக்கு

யூடியூபில் புதிதாகச் சேனல் தொடங்குகிறவர்கள் கேமராவுக்கும் மைக்குக்கும் எடிட்டிங்குக்கும் நாள்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். வீடியோவை ஏற்றிவிட்டு, அது ஏறி முடிவதற்குள் கீழே உள்ள கட்டத்தில் எதையாவது எழுதி முடிக்கப் பார்க்கிறார்கள். பத்து சப்ஸ்கிரைபர்கூட இல்லாத சேனலுக்கு அந்தக் கட்டம்தான் வாசல். உங்களைத் தெரிந்து வருகிறவர் யாரும் இன்னும் இல்லை. ஏதோ ஒரு சிக்கலோடு எதையோ தேடியவர் கண்ணில் நீங்கள் பட வேண்டும், பட்டதும் ‘இது நமக்குத்தான்’ என்று அவருக்குத் தோன்ற வேண்டும். விவரக்குறிப்பு, சாப்டர், டேக், வெளியீட்டு அட்டவணை ஆகிய நான்கையும் அந்த ஒருவரை மனதில் வைத்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. ஒரே ஒரு வீடியோவை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர், தன் தொழிலைச் சொல்லித்தரும் சேனல் ஒன்றைத் தொடங்கினார். முதல் வீடியோ, தைக்கும்போது மேல் நூல் அறுந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது என்பது. நீளம் 11 நிமிடம் 40 விநாடி. வேலை தெரிந்த கை, தெளிவான பேச்சு, நல்ல வீடியோ. அதன் கீழே அவர் எழுதி வைத்திருந்தது இது: “வணக்கம் நண்பர்களே, நமது சேனலுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். இன்றைய வீடியோவில் மிகவும் பயனுள்ள ஒரு தகவலைப் பார்க்கப் போகிறோம். பிடித்திருந்தால் லைக் செய்யுங்கள், ஷேர் செய்யுங்கள்.”

இதில் மெஷினும் இல்லை, நூலும் இல்லை. விவரக்குறிப்பில் 5,000 எழுத்துவரை எழுத இடம் உண்டு. ஆனால் பார்க்கிறவருக்கு விரிக்காமலே தெரிவது முதல் ஓரிரு வரிகள் மட்டும். மீதி எல்லாம் ‘மேலும்’ என்பதைத் தட்டினால்தான் வரும், பெரும்பாலானவர்கள் தட்டுவதில்லை. முக்கியமான சொற்களை விவரக்குறிப்பின் தொடக்கத்தில் வையுங்கள் என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்கிறது. இருக்கிற அந்த இரண்டு வரியையும் வணக்கத்துக்குக் கொடுத்துவிட்டால், தேடி வந்தவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

அவரிடம் கேட்டேன்: “அண்ணே, கடைக்கு மெஷினத் தூக்கிட்டு வர்றவங்க வாசல்ல நின்னு முதல்ல என்ன சொல்லுவாங்க?”

“‘நூல் கட்டாயிக்கிட்டே இருக்குண்ணே’ம்பாங்க. டென்ஷன் கோளாறுன்னு யாரும் சொல்லிக்கிட்டு வரமாட்டாங்க தம்பி. அது நாம பாத்துச் சொல்றது.”

விவரக்குறிப்பின் முதல் வரி அங்கேயே கிடைத்துவிட்டது. தொழில் தெரிந்தவர் காரணத்தின் பெயரைச் சொல்லுவார், தெரியாதவர் கண்ணில் பட்டதைச் சொல்லுவார். தேடல் கட்டத்தில் விழுவது இரண்டாவது ஆளின் சொல். அதைச் சரிபார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. உங்கள் கணக்கில் நுழையாத பிரவுசர் ஜன்னல் ஒன்றைத் திறந்து, யூடியூப் தேடலில் ‘தையல் மெஷின்’ என்று மட்டும் அடித்து நிறுத்துங்கள். கீழே விழும் பரிந்துரைகள் மற்றவர்கள் தேடிய சொற்களை ஒட்டி வருபவை. பிறகு அதையே ஆங்கில எழுத்தில் `thaiyal machine` என்று அடித்துப் பாருங்கள். நம் ஆட்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்திலேயே தட்டுவதால் இரண்டாவது பட்டியல் வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் குறித்துக்கொண்டு எழுத உட்கார வேண்டும்.

அப்படி எழுதியதில் முதல் பகுதி இப்படி அமைந்தது:

```
தைக்கும்போது மேல் நூல் அடிக்கடி கட்டாகிறதா? நூல் கோத்த வழி,
ஊசி, டென்ஷன், பாபின் கேஸ் என ஒவ்வொன்றாகப் பார்த்து
வீட்டிலேயே சரிசெய்யும் முறை.

கால் மெஷினுக்கும் மோட்டார் வைத்த வீட்டு மெஷினுக்கும் பொருந்தும்.
பவர் மெஷினுக்கு அல்ல.

Sewing machine thread breaking problem - Tamil
```

இரண்டாவது பத்தியைச் சேர்க்க அண்ணன் முதலில் தயங்கினார். பவர் மெஷின்காரர்கள் பார்க்காமல் போய்விடுவார்களே என்று கவலை. போகட்டும் என்றேன். பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர் வந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, தன் மெஷின் இது இல்லை என்று வெளியேறினால் அவருக்கும் எரிச்சல், வீடியோவுக்கும் கேடு. முழுதாகப் பார்க்கப்படுகிறதா, பாதியில் விடப்படுகிறதா என்பதை யூடியூப் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. யாருக்குப் பொருந்தாது என்று சொல்வதும் விவரக்குறிப்பின் வேலைதான். கடைசி ஆங்கில வரி, அந்த எழுத்தில் தேடுகிறவருக்காக ஒரே ஒரு முறை எழுதியது. அதையே பத்து விதமாகத் திருப்பி எழுதி அடுக்கக் கூடாது. ஏன் என்பதை டேக் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

அதற்குக் கீழே தேவையான உபகரணங்கள், கடை முகவரி, அடுத்த வீடியோவின் இணைப்பு என்று வரும். எல்லா வீடியோவுக்கும் பொதுவாக வரும் முகவரி போன்றவற்றை ஸ்டூடியோ அமைப்புகளில் ‘அப்லோடு டீஃபால்ட்ஸ்’ என்ற இடத்தில் ஒருமுறை எழுதி வைத்தால் ஒவ்வொரு தடவையும் தானாக வந்து உட்காரும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அப்படி வரும் பொதுப் பகுதி மேலே இருக்கும். அந்த வீடியோவுக்கான வரிகளை அதற்கும் மேலே எழுத வேண்டும். இதைக் கவனிக்காத சேனல்களில் எல்லா வீடியோவுக்கும் முதல் வரி கடை முகவரியாகவே நிற்பதைப் பார்க்கலாம். இணைப்பைச் சுட்ட `>>` என்று அம்பு போடும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். `<`, `>` இரண்டும் தலைப்பிலும் விவரக்குறிப்பிலும் அனுமதிக்கப்படாத குறிகள். அவை இருந்தால் சேமிக்கவே விடாது.

அடுத்தது சாப்டர். வீடியோவின் ஓட்டப்பட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைக்கும் வசதி இது. 2020இல் வந்தது. இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். விவரக்குறிப்பில் நேரத்தையும் பக்கத்தில் பெயரையும் வரிவரியாக எழுதினால் போதும். விதிகள் மூன்றே. முதல் நேரம் 0:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் வர வேண்டும். ஒவ்வொரு துண்டும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் நேரங்கள் வெறும் நீல இணைப்புகளாக நிற்குமே தவிர பட்டை பிரியாது. தவறு என்று எந்த அறிவிப்பும் வராது. வீடியோவைத் திறந்து, பட்டையில் இடைவெளிகள் விழுந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பதுதான் சோதனை.

அண்ணன் முதலில் எழுதியது இப்படி இருந்தது:

```
0:05 அறிமுகம்
1:10 காரணங்கள்
2:45 தீர்வு
10:40 முடிவு
```

பட்டை பிரியவில்லை. 0:05இல் தொடங்கியதுதான் காரணம். ஆனால் அதைத் திருத்தினால் மட்டும் போதாது. ‘தீர்வு’ என்று ஒரு துண்டு எட்டு நிமிடத்துக்கு நீள்கிறது, உள்ளே ஊசியும் டென்ஷனும் பாபினும் கலந்து கிடக்கின்றன. சாப்டரின் பெயரைப் படிப்பவர் யார் என்று யோசிக்க வேண்டும். நூல் கோத்ததை ஏற்கெனவே மூன்று தடவை பார்த்துவிட்ட ஒரு தையல்காரம்மா, பாவாடையைப் பாதியில் மெஷினில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு நேரே டென்ஷனுக்குப் போக வேண்டும். நாளைக்கு மறுபடியும் மெஷின் மக்கர் செய்தால், அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்து, வேலை மாறும் இடத்தில் எல்லாம் நிறுத்தி நேரத்தைக் குறித்தோம்:

```
0:00 அறுவது மேல் நூலா, கீழ் நூலா?
1:10 நூல் கோத்த வழி சரியா
2:45 ஊசி வளைந்திருந்தால், திரும்பியிருந்தால்
5:05 மேல் டென்ஷன் எவ்வளவு வேண்டும்
7:30 பாபின் கேஸ் ஸ்க்ரூ, சிக்கிய பஞ்சு
9:20 ஊசித் தட்டில் கீறல்
10:40 தைத்துப் பார்த்தல்
```

இந்தப் பெயர்களில் கையில் எடுக்கும் பொருளோ கண்ணால் பார்க்கும் விஷயமோ வந்துவிடுகிறது. ‘அறிமுகம்’, ‘முடிவு’ போன்றவை எந்த வீடியோவுக்கும் பொருந்தும் என்பதாலேயே எதற்கும் உதவாதவை. செல்போன் திரையில் நீளமான பெயர் வெட்டுப்படும் என்பதால் பொருளின் பெயரை முன்னால் வைப்பது நல்லது. ‘எவ்வாறு சரியான முறையில் ஊசியைப் பொருத்துவது’ என்று எழுதினால் ஊசி வருவதற்குள் வரி முடிந்துவிடும்.

ஆள் நேரே 5:05க்குத் தாவிவிட்டால் முழுதாகப் பார்க்கமாட்டாரே என்ற பயம் புதியவர்களுக்கு உண்டு. சாப்டர் இல்லாவிட்டால் அவர் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பார் என்று நினைப்பது தவறு. விரலால் நாலைந்து இடத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று வேறு வீடியோவுக்குப் போய்விடுவார். பொழுதுபோக்கு வீடியோவுக்கும் கதை சொல்லும் வீடியோவுக்கும் சாப்டர் தேவையில்லை என்றுகூடச் சொல்வேன். வேலை சொல்லித்தரும் வீடியோவுக்குக் கட்டாயம் வேண்டும்.

சாப்டரில் கண்ணுக்குத் தெரியாமல் நுழையும் பிழைகள் இரண்டு. கடை நேரத்தை ‘காலை 10:30 முதல்’ என்று விவரக்குறிப்பில் எழுதினால், பதினொன்றரை நிமிட வீடியோவில் அதுவும் ஒரு நேரக்குறியாக எடுத்துக்கொள்ளப்பட்டு இணைப்பாகிவிடும், சாப்டர் வரிசையும் குழம்பலாம். ‘காலை பத்தரை முதல்’ என்று எழுத்தில் எழுதிவிடுங்கள். மற்றொன்று, வெளியான வீடியோவில் தொடக்கத்தில் ஒரு இருபது விநாடியை ஸ்டூடியோவின் எடிட்டரில் வெட்டினால் விவரக்குறிப்பில் உள்ள நேரங்கள் தாமாக மாறாது. டென்ஷன் என்று தட்டியவர் டென்ஷன் பேச்சு ஆரம்பித்து இருபது விநாடி கழித்த இடத்தில் போய் விழுவார். வெட்டினால் எல்லா நேரத்தையும் கையால் குறைக்க வேண்டும். நீங்களே சாப்டர் எழுதாவிட்டால் யூடியூப் தானாகப் பிரித்துப் பெயர் வைப்பதும் உண்டு. அந்தப் பெயர்கள் பிடிக்காவிட்டால் அந்த அனுமதியை எடுத்துவிடலாம். நீங்கள் எழுதினால் உங்களுடையதே நிற்கும்.

டேக் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது அவ்வளவுதான். எல்லா டேக்கும் சேர்த்து 500 எழுத்துக்குள் எழுதலாம். வீடியோ கண்டுபிடிக்கப்படுவதில் டேக்கின் பங்கு மிகச் சிறியது என்றும், ஒரு பெயரைப் பலரும் பிழையாக எழுதும்போதுதான் அது உதவும் என்றும் யூடியூபே சொல்கிறது. டேக் தேடித்தரும் கருவிகளுக்குக் காசு கட்டி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் பாதியை முதல் இரண்டு வரிக்குக் கொடுத்திருந்தாலே போதும். பிழைக்குத்தான் டேக் என்றால், பிழைகளையே எழுதுவோம்: `thaiyal machine`, `thayyal machine`, `tayal mission`, தையல் மிஷின், தையல் மெசின். நம் மொழியில் ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்குள் ஒரே எழுத்துமுறை கிடையாது என்பதால் இந்தச் சின்ன உதவி நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பயன்படும். ஐந்தாறு போதும்.

டேக்குக்கான சொற்களை வரிசையாக விவரக்குறிப்பிலேயே கொட்டி வைப்பது யூடியூபின் விதிக்கு எதிரானது. பிரபலமான சேனல்களின் பெயரையோ, அந்த வார ட்ரெண்டிங் படத்தின் பெயரையோ சம்பந்தமில்லாமல் சேர்ப்பதும் அதேதான். வீடியோவையே எடுத்துவிடக்கூடும். ஹேஷ்டேக் வேறு சங்கதி. விவரக்குறிப்பில் `#தையல்மெஷின்` என்று இடைவெளி இல்லாமல் எழுதினால் தட்டக்கூடிய இணைப்பாகிறது. இரண்டு மூன்று எழுதினால் போதும். 60ஐத் தாண்டினால் அத்தனையையும் புறக்கணித்துவிடும்.

இனி அட்டவணை. புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை மணிக்குப் போட்டால் நல்லது?’ என்பதுதான். வெளியிடும் நேரம் ஒரு வீடியோவின் நீண்டகாலப் பார்வையை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்பது யூடியூப் தரும் பதில். ‘உங்கள் பார்வையாளர்கள் எப்போது யூடியூபில் இருக்கிறார்கள்’ என்று காட்டும் வரைபடம் ஸ்டூடியோவில் இருக்கிறது. ஆனால் ஆளே சேராத சேனலுக்கு அது காலியாகத்தான் இருக்கும். மணி அடிக்க ஆள் இல்லாதபோது சாயங்காலம் ஆறு மணியும் காலை ஏழு மணியும் ஒன்றுதான். நூல் கட்டாகிறது என்று ஒருவர் தேடுவது, அவர் மெஷின் கெட்டுப்போகும் நேரத்தில்.

ஆகவே மணியை விட்டுவிட்டு மாதத்தைப் பார்க்கச் சொன்னேன். தையல் தொழிலுக்கு ஒரு வருஷக் கணக்கு உண்டு. ஜூனில் பள்ளி திறக்கும் முன் யூனிஃபார்ம் வேலை குவியும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. தையில் மறுபடி கல்யாண பிளவுஸ்கள். மெஷின் அதிகம் ஓடும் நாட்களில்தான் அதிகம் கெடும், அப்போதுதான் அதிகம் தேடப்படும். தேடலில் ஒரு புதிய சேனலின் வீடியோ மெல்ல மெல்லத்தான் மேலே வருகிறது என்பதால், நெரிசல் தொடங்கும்போது போட்டால் தாமதம். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். நூல் அறுவது, தையல் விட்டு விட்டு விழுவது, துணி நகராமல் நிற்பது ஆகிய மூன்றும் ஆகஸ்டிலேயே போய்விட வேண்டும். எண்ணெய் விடுவது, பஞ்சு எடுப்பது போன்ற பராமரிப்பு வீடியோக்களை வேலை குறைவான நாட்களுக்கு ஒதுக்கலாம்.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. அதிகம் தேடப்படும் நாட்களில் அண்ணனின் கடையும் நிரம்பி வழியும், அவருக்கு ஷூட்டிங்குக்கு நேரம் இருக்காது. வாரம் இரண்டு வீடியோ என்று அறிவித்துத் தொடங்கும் சேனல்கள் இரண்டாம் மாதத்தில் நின்றுபோவது இப்படித்தான். ஒரு வீடியோவுக்கு அவருக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று உட்கார்ந்து கூட்டினோம். மெஷினைக் கழற்றி எடுத்துக் காட்டி எடுக்க அரை நாள், வெட்டி ஒட்ட இரண்டு மாலை, எழுத ஒரு மணி நேரம். கடை விடுமுறை ஞாயிறு மட்டும். பத்து நாளைக்கு ஒன்று என்றால்தான் தாங்கும். வாரக் கிழமை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் மாதத்தில் 5, 15, 25 என்று தேதி வைத்தார். நான்கு வீடியோ கையில் முடிந்து இருக்கும்போதுதான் முதலாவதை வெளியிட்டார். அடுத்த நாற்பது நாளுக்கு அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அட்டவணை நிற்காது.

இருப்பில் உள்ளவற்றை ஹார்டு டிஸ்கில் வைத்திருக்காமல் முன்கூட்டியே ஏற்றி, ‘ஷெட்யூல்’ என்பதில் தேதியும் நேரமும் கொடுத்துவிட வேண்டும். அதுவரை வீடியோ மறைவாகவே இருக்கும். இதில் நாள் பிடிப்பதைத் தவிர வேறு நன்மையும் உண்டு. ஏற்றியவுடன் முதலில் தயாராவது மங்கலான தரம். நல்ல தரம் பின்னால்தான் வரும், பெரிய கோப்பு என்றால் கூடுதல் நேரம் எடுக்கும். ஏற்றிய கையோடு வெளியிட்டால் முதலில் வருகிறவர்கள் ஊசியின் காது தெரியாத படத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பின்னணியில் ரேடியோ பாட்டு ஓடியிருந்தால் காப்புரிமைச் சோதனையும் அதற்குள் முடிந்து, வெளியாகும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்றவும், சொந்தமாக முகப்புப் படம் வைக்கவும் போன் எண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டும். முதல் வெளியீட்டு நாளன்று இதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் அல்ல. நான்கையும் ஒரே நாளில் வெளியிடும் ஆசையும் வேண்டாம். எல்லா அறிவிப்பும் வேண்டும் என்று மணியை அழுத்தியவருக்குக்கூட ஒரு சேனலிலிருந்து 24 மணி நேரத்தில் மூன்று அறிவிப்புக்கு மேல் போகாது.

வெளியான பிறகு விவரக்குறிப்பைத் தொடக்கூடாது என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. அது எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியது. ஒரு மாதம் கழித்து ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸில் ‘ட்ராஃபிக் சோர்ஸ்’ பகுதிக்குப் போய், யூடியூப் தேடல் என்பதைத் தட்டினால் எந்தெந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று வரும். பார்வை மிகக் குறைவாக இருந்தால் பட்டியல் வெறுமையாக இருக்கலாம், அப்போது இன்னொரு மாதம் பொறுக்க வேண்டியதுதான். அண்ணன் பட்டியலில் ‘நூல் கட்’ இருந்தது. கூடவே ‘கீழ் நூல் முடிச்சு விழுது’ என்பதும் இருந்தது. துணிக்கு அடியில் நூல் சுருண்டு கொத்தாக விழுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மேல் டென்ஷன் தளர்ந்திருந்தாலோ, நூலைச் சரியாகக் கோக்காவிட்டாலோ வருவது அது. வீடியோவில் 5:05 துண்டில் அவர் அதைப் போகிற போக்கில் அரை நிமிடம் சொல்லியிருந்தார். பார்வை நீடிப்பைக் காட்டும் கோடும் அந்த இடத்தில் சற்று எழும்பியிருந்தது. பலர் அங்கே திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

செய்த மாற்றங்கள் சின்னவை. 5:05 சாப்டரை இரண்டாகப் பிரித்து, 6:35இல் ‘கீழே முடிச்சு விழுந்தால்’ என்று ஒரு வரி சேர்த்தார். விவரக்குறிப்பின் இரண்டாவது வரியில் அந்தச் சொல்லை வைத்தார். தலைப்பைத் தொடவில்லை, அது ஏற்கெனவே ஆள் கொண்டுவந்துகொண்டிருந்தது. 25ஆம் தேதிக்கு வைத்திருந்த எண்ணெய் விடும் வீடியோவின் தேதியை ஷெட்யூலில் அடுத்த மாதம் 5க்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கீழ் நூல் முடிச்சுக்கென்று தனியாக ஒரு வீடியோ எடுத்துப் போட்டார். இந்தத் தடவை விவரக்குறிப்பின் முதல் இரண்டு வரியை ஷூட்டிங்குக்கு முன்பே எழுதிவிட்டுத்தான் மெஷினைக் கழற்றினார்.